1730046920 என்பது எந்த நாள், எத்தனை மணி?

என் அக்கா ஈசூன் வீவக வீட்டிலிருந்து தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஞாயிறு 27-ஆம் தேதி நள்ளிரவோடு ஆர்டர் முடியும் என்று சொல்லியிருந்தார். ஒரு வாடிக்கையாளர், "நான் ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டேன்" என்றார். ஆர்டர் கோப்பைத் திறந்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது இந்த எண்:

```
1730046920
```

"தம்பி, இது என்ன போன் நம்பரா?" என்று அக்கா கேட்டார். இது யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப். 1970 ஜனவரி 1, யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 00:00 மணியிலிருந்து எத்தனை விநாடி கடந்திருக்கிறது என்பதுதான் இந்த எண். இதில் நாள், மாதம், ஆண்டு எதுவும் தனித்தனியாக இல்லை, வெறும் விநாடிக் கணக்குதான்.

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள்

மாற்றத் தொடங்கும் முன் எத்தனை இலக்கம் என்று பாருங்கள். பத்து இலக்கம் என்றால் விநாடி. பதின்மூன்று என்றால் மில்லிவிநாடி, அதாவது அதே கணக்கு ஆயிரம் மடங்காக. யூனிக்ஸ் கணினிகளில் விநாடிதான் வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவிநாடியில் கணக்கு வைக்கும். அதனால் ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்பில் இரண்டில் எதுவும் வரலாம்.

இலக்கத்தை நம்பலாமா? நம்பலாம். விநாடிக் கணக்கு பத்து இலக்கத்தைத் தொட்டது 2001 செப்டம்பர் 9-இல். பதினொன்றாக மாற 2286 நவம்பர் வரை ஆகும். நம் கையில் வரும் ஆர்டர், ரசீது, செய்தி எல்லாமே இந்த இடைவெளிக்குள்தான் இருக்கும்.

ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம்

நிரல் ஒரு நொடியில் செய்துவிடும்தான். ஆனால் ஒருமுறை கையால் போட்டவர்களுக்கு அப்புறம் குழப்பமே வருவதில்லை, அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு நாளுக்கு 86400 விநாடி. எண்ணை அதனால் வகுத்தால் 20023 முழு நாளும், மீதி 59720 விநாடியும் வரும்.

முதலில் நாள். 1970 தொடக்கத்திலிருந்து 2024 ஜனவரி 1 வரை 54 ஆண்டுகள். 54 × 365 = 19710. நடுவே 13 லீப் ஆண்டுகள், ஆக 19723 நாள். 20023-இல் இதைக் கழித்தால் 300. அதாவது 2024 ஜனவரி 1-க்கு 300 நாள் கழித்து. 2024 லீப் ஆண்டு என்பதால் செப்டம்பர் முடிய 274 நாள் போய்விடும். மிச்சம் 26. அக்டோபர் 1-க்கு 26 நாள் கழித்து என்றால் அக்டோபர் 27.

அடுத்து மணி. 59720-ஐ 3600-ஆல் வகுத்தால் 16 மணி, மீதி 2120. அதை 60-ஆல் வகுத்தால் 35 நிமிடம், மீதி 20 விநாடி. அக்டோபர் 27, மாலை 4:35:20.

ஞாயிற்றுக்கிழமை மாலை! வாடிக்கையாளர் சொன்னது சரி என்று அக்கா உடனே முடிவு செய்துவிட்டார். நாங்கள் பார்த்த மாற்றித் தரும் தளமும் இதே நேரத்தைத்தான் பெரிய எழுத்தில் காட்டியது. ஆனால் இது யுடிசி நேரம். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். 16:35-உடன் 8-ஐக் கூட்டினால் 24:35, அதாவது அக்டோபர் 28, திங்கள், அதிகாலை 12:35:20. கெடு முடிந்து 35 நிமிடம் ஆகியிருந்தது.

யுடிசி-யில் மாலை 4 மணிக்கு மேல் இருக்கும் எதுவும் சிங்கப்பூரில் மறுநாள் ஆகிவிடும். நேரம் மட்டும் மாறினால் யாராவது கவனித்துவிடுவார்கள். தேதி மாறினால் யாரும் கவனிப்பதில்லை. ஆகவே எந்தத் தளத்தில் மாற்றினாலும், காட்டும் நேரம் யுடிசி-யா உள்ளூர் நேரமா என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நூறு வரி இருந்தால்

எண்கள் A நெடுவரிசையில் இருந்தால், B2-இல் இதைப் போடுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் ஓடும்.

```
=A2/86400+DATE(1970,1,1)+8/24
```

முதலில் 45593.02 என்பது போல ஓர் எண் வரலாம். தப்பில்லை, விரிதாள் தன் வழியில் நாளை எண்ணுகிறது. அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி, நேரம் என்று மாற்றினால் 28 அக்டோபர் 2024, 00:35:20 தெரியும். கோப்பில் பதின்மூன்று இலக்கம் இருந்தால் 86400-க்குப் பதில் 86400000.

லினக்ஸில் ஒரு வரியே போதும்:

```
TZ=Asia/Singapore date -d @1730046920
```

தப்பு நடந்தால் எப்படித் தெரியும்?

விநாடியை மில்லிவிநாடி என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் 1970 ஜனவரியில் போய் விழும். நம் எண்ணுக்கு 1970 ஜனவரி 21 வரும். எல்லா ஆர்டரும் ஒரே வாரத்தில், அதுவும் 1970-இல் என்றால், ஆயிரத்தால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். உலாவியின் கன்சோலில் இப்படி எழுதினால் சரியாகிவிடும்:

```
new Date(1730046920 * 1000)
```

மறுபக்கத் தவறு, மில்லிவிநாடியை விநாடி என்று எடுப்பது. ஆண்டு 56,000-ஐத் தாண்டிவிடும். எக்செல் 9999-ஆம் ஆண்டுக்கு மேல் தேதி காட்டாது, கட்டம் முழுக்க #### என்று நிற்கும். நெடுவரிசை குறுகலாக இருந்தாலும் இதே #### வரும் என்பதால், அகலமாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் அதிகக் கவலை. பதின்மூன்று இலக்கம் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் 1.73005E+12 போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே மறுபடி சிஎஸ்வி-யாகச் சேமித்தால், அந்தச் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். நம் ஆர்டருக்கு இது நடந்தால் 12:35:20 என்பது 1:26:40 ஆகிவிடும். தேதி சரியாக இருப்பதால் சந்தேகமே வராது. அடையாளம் என்னவென்றால், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்த ஆர்டர்கள் எல்லாம் விநாடி பிசகாமல் ஒரே நேரத்தைக் காட்டும். திறந்ததும் அந்த நெடுவரிசையைத் தசம இடம் இல்லாத எண்ணாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள். ஏற்கெனவே சேமித்துவிட்டீர்கள் என்றால், தளத்திலிருந்து புதிதாக இறக்குவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, 1970 ஜனவரி 1, காலை 8:00 என்று வந்தால் அந்தக் கட்டம் காலியாகவோ 0 ஆகவோ இருக்கிறது. அதே 0-வை உலாவி 7:30 என்று காட்டினால் பயப்படாதீர்கள். 1981 முடியும் வரை சிங்கப்பூர் யுடிசி-யைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. உலாவிக்கு அந்தப் பழைய கணக்கு தெரியும். நம் சூத்திரம் எப்போதும் 8-ஐயே கூட்டும், அதனால் 1982-க்கு முந்தைய நேரங்களுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.