பிறகு வந்த சரக்கு முன்னால் காலாவதியானால்? மளிகைக் கடையில் அடுக்கும்போது நடக்கும் தவறுகள்

செங்கோட்டையில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன குடோன் உண்டு. ஒரு வருஷம் செப்டம்பர் கடைசியில் அங்கிருந்து 32 கோதுமை மாவுப் பாக்கெட்டுகளை எடுத்து ஓரமாக வைக்க வேண்டி வந்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை, வண்டு விழவில்லை, தேதி மட்டும் முடிந்திருந்தது. பழைய சரக்கை முதலில் விற்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்துவந்த கடையில்தான் இது நடந்தது. அதுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது.

எங்கே தவறினோம் என்று பில்களை எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு கிலோ மாவு 80 பாக்கெட் வந்திருக்கிறது. அதன் காலாவதி அக்டோபர் 18. எங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2 பாக்கெட் போகும். அந்தக் கணக்கில் ஆகஸ்ட் 28 அன்று 28 பாக்கெட் மீதி இருந்தது. அன்றைக்கு லைன் வண்டியில் வந்த பையன், "அண்ணாச்சி, ஓணம் வருது, ஆரியங்காவு, தென்மலை ஆளுங்க எல்லாம் இங்கதான வருவாங்க. பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ. இந்த ஸ்கீம் இன்னைக்கோட சரி" என்றான். 60 வாங்கினோம், 6 இலவசமாகக் கிடைத்தது. அந்த 66 பாக்கெட்டின் காலாவதி செப்டம்பர் 28 என்பதை யாரும் பார்க்கவில்லை. பிறகு வந்த சரக்கு, முன்னால் வந்ததைவிட 20 நாள் முன்பே முடியப்போகிறது.

வழக்கப்படி பழைய 28 பாக்கெட்டை முன்னால் வைத்து விற்றோம். அதற்கு 14 நாள் ஆனது. மீதி 17 நாளில் புதிய சரக்கில் 34 போனது. 32 நின்றுவிட்டது. ஆறு பாக்கெட் இலவசத்துக்கு ஆசைப்பட்டு 32 பாக்கெட்டை இழந்தோம்.

இதையே தேதியைப் பார்த்து, முதலில் முடிவதை முதலில் விற்றிருந்தால், அந்த 31 நாளில் 62 பாக்கெட் போயிருக்கும். நான்குதான் மிஞ்சியிருக்கும். பழைய 28க்கு அக்டோபர் 18 வரை நேரம் இருந்தது, அதை நிதானமாக அதன் பிறகு விற்றிருக்கலாம். சரக்கு வந்த நாளுக்கும் அது முடிகிற நாளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஏஜென்சி குடோனில் ஒரு மூலையில் கிடந்த சரக்கு நாளைக்கு உங்கள் கடைக்கு வரலாம். ஸ்கீமில் வருகிற சரக்கில் இந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், ஏனென்றால் தேதி குறைந்த சரக்கை வேகமாகத் தள்ளவும் ஸ்கீம் போடுவார்கள்.

சரி, அந்த நான்கு பாக்கெட் ஏன் மிஞ்சியது? அடுக்கி வைப்பதில் தவறில்லை, வாங்கியதே அதிகம். சரக்கை இறக்கும்போதே ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க வேண்டும்: காலாவதிக்கு இன்னும் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை போகும். இன்னொன்றும் உண்டு. கேரளாவிலிருந்து புளியரை தாண்டி வருகிற எங்கள் வாடிக்கையாளர்கள் பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார்கள். நாளை மறுநாள் முடியப்போகிற மாவை அவர்களிடம் கொடுப்பது நியாயமில்லை. அதனால் மாவுக்குக் காலாவதிக்கு 10 நாள் முன்பே விற்பனையை நிறுத்திவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் அந்த 31 நாள் 21 நாளாகச் சுருங்கும். 42 பாக்கெட்டுக்கு மேல் ஒன்றுகூட இறக்கியிருக்கக் கூடாது. அந்த 42ம், அந்தத் தேதியையே முதலில் விற்பதாக இருந்தால்தான்.

அடுத்த தவறு, பேக்கிங் தேதியைப் பார்த்து வரிசை போடுவது. ஒரே நாளில் பேக் செய்த இரண்டு கம்பெனி மாவில் ஒன்று மூன்று மாதம் தாங்கும் என்றும் மற்றது நான்கு மாதம் தாங்கும் என்றும் போட்டிருக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைகளின்படி காலாவதித் தேதி கட்டாயம், ‘பெஸ்ட் பிஃபோர்’ விரும்பினால் கூடுதலாகப் போடுவது. ஆகவே பார்க்க வேண்டியது ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ என்று இருக்கிற வரியைத்தான். மாதமும் வருஷமும் மட்டும் இருந்தால், நாங்கள் அந்த மாதத்தின் முதல் தேதியையே கணக்கில் வைத்துக்கொள்கிறோம். ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு தேதி கலந்திருப்பதும் நடக்கும், எனவே மேலே இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. நடுவிலும் அடியிலும் ஒவ்வொன்றை உருவிப் பாருங்கள். அப்புறம் பெட்டியின் முன்பக்கத்தில், நின்றபடியே தெரியும் உயரத்தில், கறுப்பு மார்க்கரால் காலாவதித் தேதியை மட்டும் பெரிதாக எழுதுங்கள். சரக்கு வந்த தேதியையும் பக்கத்தில் எழுதினால் அவசரத்தில் பையன்கள் அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

தட்டில் அடுக்கும்போது நடக்கிற தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் தினமும் நடக்கிறது. முன்னால் இடம் காலியாக இருக்கும், புதியதைக் கொண்டுவந்து அங்கேயே வைத்துவிடுவார்கள். பழையது உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் தட்டைக் காலி செய்யணும். தேதி தள்ளி இருப்பதை உள்ளே வைத்து, கிட்டத்தில் முடிவதை முன்னால் இழுத்து வைக்கணும். ஒரு தட்டுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் தயிர், பால், பிரெட் இந்த மூன்றிலும் இது மட்டும் போதாது. நாங்கள் எடுத்துக் கொடுக்கிற சரக்கென்றால் சரி. ஃப்ரிட்ஜில் வாடிக்கையாளரே கையை விட்டு எடுக்கிற சரக்கென்றால், விவரமானவர்கள் உள்ளே கையை விட்டுக் கடைசிப் பாக்கெட்டைத்தான் உருவுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாமும் வேறு கடையில் அப்படித்தான் எடுக்கிறோம். இதற்கு எங்கள் கடையில் வேலை செய்கிற அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஃப்ரிட்ஜின் விற்பனைத் தட்டில் ஒரே ஒரு தேதிதான் இருக்கும். மறுநாள் தேதி உள்ள தயிர் கீழ்த் தட்டில் மூடிய கூடையில் இருக்கும், மேலே உள்ளது தீர்ந்த பிறகே மேலே ஏறும். எதை உருவினாலும் ஒரே தேதி என்றால் உருவுவதில் நமக்கு நஷ்டமில்லை. அவர் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு மிஞ்சிய தயிரைக் கொட்டுகிற வேலை எங்களுக்கு அநேகமாக இல்லாமல் போனது.

கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்களின் வண்டிகள் இந்த வழியாகப் போகத் தொடங்கினால், வாசலில் தனியாக மேஜை போட்டு பிஸ்கட், பேரீச்சம்பழம், அவல் என்று வைப்போம். அங்கேதான் நான்காவது தவறு ஒளிந்திருக்கிறது. ஒரே சரக்கு மேஜையில், தட்டில், குடோனில், கல்லாவுக்கு மேலே தொங்குகிற சரத்தில் என நான்கு இடத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு இடத்திலும் வரிசை சரியாக இருந்தாலும் மொத்தத்தில் தவறாகப் போகும். மேஜையில் ஜனவரியில் முடிவது, உள்ளே டிசம்பரில் முடிவது. கூட்டம் மேஜையில்தான் வாங்குகிறது. ஆகவே கூட்டம் அதிகம் நிற்கிற இடத்துக்கு எப்போதும் கிட்டத்துத் தேதியைக் கொண்டுபோக வேண்டும். மேஜையைக் கலைக்கும் நாளில் மிச்சத்தைத் தனிப் பெட்டியில் போட்டு மூடக் கூடாது. தட்டில் அதன் தேதிக்குரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

மூட்டையில் வருகிற சரக்குதான் எல்லாவற்றிலும் கடினம். துவரம்பருப்பு, ரவை, கடலைமாவு எல்லாவற்றையும் டின்னில் கொட்டி வைத்துச் சில்லறையாக விற்கிறோம். டின்னில் கால்வாசி மிச்சமிருக்கும்போதே மேலே புது மூட்டையைக் கொட்டிவிட்டால், அடியில் இருக்கிற கால்வாசி எந்தக் காலத்திலும் வெளியே வராது. மாதக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும், வண்டு அங்கேதான் பிறக்கும், பிறகு மேலே இருக்கிற புதியதற்கும் ஏறும். ரவையில் மெல்லிய நூல் போலக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தால் புழு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். டின் முழுதும் தீர்ந்து, துடைத்து, ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த மூட்டையைக் கொட்ட வேண்டும். விற்பனையை நிறுத்த முடியாதென்றால் மிச்சத்தை ஒரு சின்ன டின்னுக்கு மாற்றி, அதை முதலில் விற்கலாம். மூட்டையைப் பிரித்ததும் அதன் லேபிளைக் கத்தரித்து டின்னின் வெளியே ஒட்டிவிடுங்கள். சாக்கோடு லேபிளும் போய்விட்டால் அந்தப் பருப்புக்குத் தேதியே இல்லை.

தேதி வரிசை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நினைக்கக் கூடாது. பாக்கெட்டில் போட்ட தேதி, லேபிளில் சொன்னபடி சரக்கை வைத்திருந்தால்தான் செல்லும். எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் சாரல் அடிக்கிற நாட்களில் குடோன் சுவரே வியர்க்கும். சுவரோடு ஒட்டி வைத்த மாவுப் பெட்டியின் அடி நமுத்துப்போனால், தேதி இரண்டு மாதம் மிச்சமிருந்தும் உள்ளே கட்டி தட்டியிருக்கும். அதனால் சரக்கைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். சாரல் நாட்களில் அடிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறோம். அடி நமுத்திருந்தால் தேதி என்னவாக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் அதை விற்பனைக்கு எடுப்பதில்லை. ஃப்ரிட்ஜ் சரக்கும் அப்படித்தான், நெடுநேரம் கரண்ட் போன அன்று தயிர்ப் பாக்கெட்டின் தேதியை நம்பக் கூடாது.

கம்ப்யூட்டர் பில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட்டில் இருக்கிற சாதாரண பார்கோடில் காலாவதித் தேதி கிடையாது. பழைய பேட்ச் தீர்ந்துவிட்டது என்று திரை காட்டும், கையோ புதிய பேட்சை எடுத்துக் கொடுத்திருக்கும். திரையை நம்பாமல் வாரம் ஒருமுறை தட்டைப் பாருங்கள்.

நாங்கள் வெள்ளிக்கிழமை காலையில், கடை திறந்ததும் கூட்டம் வருவதற்குள் பார்க்கிறோம். அடுத்த 30 நாளில் முடிகிற சரக்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவோம்: பெயர், தேதி, எண்ணிக்கை, எங்கே இருக்கிறது. ஏஜென்சி திரும்ப எடுக்கும் என்றால், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு அந்த நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறோம், ஏனென்றால் காலாவதியான பிறகு பல ஏஜென்சிகள் எடுப்பதில்லை. தேதி முடிந்தது தனிப் பெட்டிக்குப் போகும், மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அந்தப் பெட்டி குடோனில் நல்ல சரக்கோடு இருக்காது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, சாவி அக்காவிடம்.