ஆட்குறைப்பா, ஒழுக்காற்று நீக்கமா: பல்தேர்வு வினாவில் எதைப் பார்ப்பது?

தொழிற்சட்டப் பல்தேர்வு வினாவில் ஊழியரின் குறைகளைக் கண்டவுடன் ‘துர்நடத்தை’ என்ற விடையைத் தெரிவு செய்துவிடாதீர்கள். அந்தக் குறைக்குத் தண்டனையாகத்தான் அவர் நீக்கப்பட்டாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கொழும்பில் 30 பேர் வேலை செய்யும் ஓர் அச்சகம் புதிய இயந்திரம் வாங்கியதால் நான்கு பேர் மேலதிகம் எனக் கூறி அவர்களை நிறுத்துகிறது என வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவர், தாமதமாக வருவதற்காக முன்பு எச்சரிக்கப்பட்டவர். வினா அமைப்பவர் வேண்டுமென்றே போடும் பொறி இந்த எச்சரிக்கைதான். குற்றப்பத்திரமோ விசாரணையோ இல்லை, காரணம் ஆளணி மிகுதி. ஆகவே இது ஆட்குறைப்பே. ஊழியரின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியோ முன்கூட்டியே பெறப்பட வேண்டும்.

அதே ஊழியர் பணம் கையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணையின் பின் தண்டனையாக நீக்கப்பட்டிருந்தால் அந்த அனுமதி தேவையில்லை; ஆனால் நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணங்களை எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீக்கம் நியாயமானதா என்பதைத் தொழில் நியாய சபை ஆராயலாம்.

ஊழியர் எண்ணிக்கையையும் கவனியுங்கள். முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக இருந்த நிறுவனத்திற்கு அந்த அனுமதி விதி பொருந்தாது. எனினும் மிகுதி காரணமாக நிறுத்தினால் அது ஆட்குறைப்பாகவே இருக்கும்.