சிம்ப்ளெக்ஸில் பிவட் நிரலும் பிவட் நிரையும்: விகிதச் சோதனை எதைக் காக்கிறது?

சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும்: எந்த நிரல், எந்த நிரை. "z நிரையில் பெரிய மைனஸ் எண்ணைப் பிடி, அப்புறம் சிறிய விகிதத்தைப் பிடி" என்று பாடங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு விதிகளுக்கும் ஒரே எடை கிடையாது. நிரலைக் கொஞ்சம் மாற்றி எடுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கைதான் கூடும் அல்லது குறையும். நிரையை மாற்றி எடுத்தால் விடையே பொய்யாகிவிடும். அந்தப் பொய் விடை சில சமயம் உண்மையான விடையைவிட நன்றாகவும் தெரியும். அதை ஒரு கணக்கில் நேரடியாகப் பார்த்துவிடலாம்.

ஸ்லாக் மாறிகளைச் சேர்ப்பது, அட்டவணையை எழுதுவது, நிரைச் செயல்கள் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கணக்கு

z = 3x + 2y என்பதைப் பெருமமாக்க வேண்டும். கட்டுப்பாடுகள்: x − y ≤ 2, 2x + y ≤ 10, −x + y ≤ 4. x, y இரண்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. முதல் அட்டவணை இது. கடைசி நிரல் b என்பது வலப்பக்க எண்.

```
      x    y   s1   s2   s3 |  b
s1    1   -1    1    0    0 |  2
s2    2    1    0    1    0 | 10
s3   -1    1    0    0    1 |  4
z    -3   -2    0    0    0 |  0
```

படி 1: நிரலைத் தேர்ந்தெடுப்பது

z நிரையில் மைனஸ் எண் உள்ள எந்த நிரலும் தகுதியானதுதான். x-இன் கீழே −3 இருக்கிறது. அதாவது x-ஐ ஓர் அலகு கூட்டினால் z மூன்று கூடும். y-ஐக் கூட்டினால் இரண்டு கூடும். இரண்டுமே லாபம். 1947-இல் சிம்ப்ளெக்ஸை உருவாக்கிய டான்ட்சிக்கின் விதிப்படி பெரிய மைனஸ், அதாவது x-ஐ எடுக்கிறோம். இது நல்ல யூகம்தான், கட்டாயம் இல்லை. ஓர் அலகுக்கு எவ்வளவு லாபம் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. எத்தனை அலகு போக முடியும் என்பதை அது சொல்லவே இல்லை.

படி 2: நிரையைத் தேர்ந்தெடுப்பது

பலரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போவோம்.

x-ஐப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுகிறோம், y பூஜ்யத்திலேயே நிற்கிறது. அப்போது ஒவ்வொரு நிரையும் தன் அடிப்படை மாறி என்ன ஆகிறது என்று சொல்கிறது:

```
s1 = 2 - x
s2 = 10 - 2x
s3 = 4 + x
```

x கூடக் கூட s1 குறைகிறது, x = 2 ஆகும்போது பூஜ்யத்தைத் தொடுகிறது. s2-வும் குறைகிறது, ஆனால் x = 5 வரை தாங்கும். s3 கூடிக்கொண்டே போகிறது, அது நம்மைத் தடுக்கவே தடுக்காது. ஆக, முதலில் தடுப்பது s1. x-ஐ 2-க்கு மேல் கொண்டு போனால் s1 மைனஸில் இறங்கும். ஸ்லாக் மைனஸில் இறங்கினால் அந்தக் கட்டுப்பாட்டை மீறிவிட்டோம் என்று பொருள்.

b-ஐப் பிவட் நிரலின் எண்ணால் வகுக்கும் விகிதச் சோதனை இதைத்தான் கணக்கிடுகிறது. 2/1 = 2, 10/2 = 5. மூன்றாவது நிரையில் எண் −1, அதனால் அங்கே வகுக்கவே கூடாது. விகிதம் மைனஸ் வருகிறதே என்பதற்காக அல்ல, அந்த நிரை தடுக்கவில்லை என்பதற்காகத்தான் அதை விடுகிறோம். எண் பூஜ்யமாக இருந்தாலும் அப்படியே: அந்த அடிப்படை மாறி அசையாது, எனவே தடுப்பும் இல்லை. இந்தக் காரணம் மனதில் பதிந்துவிட்டால் "எந்த விகிதங்களைக் கணக்கில் எடுக்கணும்" என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் நிரையில் பிவட் செய்தால்:

```
      x    y   s1   s2   s3 |  b
x     1   -1    1    0    0 |  2
s2    0    3   -2    1    0 |  6
s3    0    0    1    0    1 |  6
z     0   -5    3    0    0 |  6
```

இப்போது y மட்டும்தான் மைனஸ். அந்த நிரலில் −1, 3, 0. தடுக்கக்கூடியது நடு நிரை மட்டும், விகிதம் 6/3 = 2.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "மிகச் சிறிய விகிதம்" என்ற சொற்களை மட்டும் நம்பி முதல் நிரையையும் வகுத்தால் 2/(−1) = −2 வரும், அது 2-ஐ விடச் சிறியது. அதை எடுத்தால் y = −2 ஆகிவிடும், z 6-லிருந்து −4-க்கு இறங்கிவிடும். லாபம் தேடிப் போய் z குறைந்தால் மைனஸ் எண்ணின் மேல் பிவட் செய்துவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். இது எளிதில் பிடிபடும் பிழை. அடுத்தது அப்படி இல்லை.

நடு நிரையில் பிவட் செய்தபின்:

```
      x    y    s1    s2   s3 |  b
x     1    0   1/3   1/3    0 |  4
y     0    1  -2/3   1/3    0 |  2
s3    0    0     1     0    1 |  6
z     0    0  -1/3   5/3    0 | 16
```

விகிதச் சோதனையை மீறினால் என்ன ஆகிறது

s1 நிரல் உள்ளே வர வேண்டும். முதல் நிரையின் விகிதம் 4 ÷ (1/3) = 12. இரண்டாவதில் எண் மைனஸ், விடலாம். மூன்றாவதில் 6/1 = 6. சரியான நிரை மூன்றாவது. ஆனால் வேண்டுமென்றே முதல் நிரையை எடுத்துப் பார்ப்போம்:

```
      x    y   s1   s2   s3 |  b
s1    3    0    1    1    0 | 12
y     2    1    0    1    0 | 10
s3   -3    0    0   -1    1 | -6
z     1    0    0    2    0 | 20
```

z நிரையைப் பாருங்கள். ஒரு மைனஸ்கூட இல்லை. "முடிந்தது, z = 20" என்று எழுதிவிட எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் இந்தப் புள்ளி x = 0, y = 10. மூன்றாவது கட்டுப்பாட்டில் போட்டுப் பாருங்கள்: −0 + 10 = 10, அது 4-க்குள் இருக்க வேண்டும். இல்லை. b நிரலில் இருக்கும் −6 அந்த மீறலின் அளவேதான்.

இதுதான் நான் முதலில் சொன்ன வேறுபாடு. z நிரைக்குக் கட்டுப்பாடுகளைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை, அது லாபத்தை மட்டும் பார்க்கிறது. கட்டுப்பாடுகளைக் காக்கும் வேலை முழுக்க விகிதச் சோதனையின் தலையில்தான். அது தவறினால் z நிரை எச்சரிக்காது, b நிரல் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பிவட்டுக்குப் பிறகும் b நிரலை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பாருங்கள். அங்கே மைனஸ் எண் இருந்தால் பிழை கடைசி நிரைத் தேர்வில் இருக்கும், இல்லையென்றால் நிரைச் செயலின் கணக்கில் இருக்கும். மேலே தொடர வேண்டாம்.

மூன்றாவது நிரையில் சரியாகப் பிவட் செய்தால் x = 2, y = 6, z = 18. z நிரையில் s2-க்கு 5/3, s3-க்கு 1/3 நிற்கிறது, மைனஸ் இல்லை. b நிரலில் 2, 6, 6. இது உண்மையான முடிவு.

நிரலை மாற்றி எடுத்திருந்தால்?

இதே கணக்கை முதல் சுற்றில் y நிரலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். விகிதங்கள் 10, 4. மூன்றாவது நிரையில் பிவட் செய்தால் z = 8. அடுத்து x உள்ளே வந்தால் ஒரே தடுப்பு இரண்டாவது நிரை, விகிதம் 2, z = 8 + 5 × 2 = 18. முடிந்தது. பெரிய மைனஸை எடுத்தபோது மூன்று பிவட், சின்ன மைனஸை எடுத்தபோது இரண்டே பிவட். விடை அதேதான். பரீட்சையில் கேட்ட விதியைப் பின்பற்றுங்கள், ஆனால் நிரல் தேர்வில் பயப்பட ஒன்றும் இல்லை.

தடுக்க யாரும் இல்லை என்றால்

கணக்கிலிருந்து 2x + y ≤ 10 என்பதை நீக்கிவிட்டால், முதல் பிவட்டுக்குப் பிறகு y நிரலில் −1, 0 மட்டும் மிஞ்சும். வகுக்க ஒரு நிரையும் இல்லை. இது உங்கள் பிழை அல்ல, y-ஐ எவ்வளவு கூட்டினாலும் எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது, z எல்லையின்றிப் போகும். x-உம் y-உம் சேர்ந்து வளர்ந்தால் மிஞ்சிய இரண்டு கட்டுப்பாடுகளும் அப்படியே நிற்பதைச் சரிபார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விகிதச் சோதனை இருக்கும் நல்ல நிலையைக் காப்பாற்றும், இல்லாததை உண்டாக்காது. தொடக்க அட்டவணையிலேயே b-இல் மைனஸ் இருந்தால் இந்த முறையை நேரடியாக ஓட்டக்கூடாது. அதற்கு இரு கட்ட முறை அல்லது இருமச் சிம்ப்ளெக்ஸ் வேண்டும்.

கருவி பற்றி

கையால் செய்யும்போது தசமம் வேண்டாம், பின்னமாகவே வையுங்கள். 1/3-ஐ 0.33 என்று எழுதினால் நெருக்கமான இரண்டு விகிதங்களில் எது சிறியது என்பதே மாறிப்போகலாம். பைத்தானில் நான் `Fraction`-ஐத்தான் பயன்படுத்துகிறேன். கற்கும்போது வேகம் முக்கியமில்லை. நிரைத் தேர்வு இவ்வளவுதான் (z நிரை கடைசியில் இருக்கிறது):

```python
def pivot_row(T, col):
    best = None
    for i in range(len(T) - 1):
        a = T[i][col]
        if a > 0:
            r = T[i][-1] / a
            if best is None or r < best[0]:
                best = (r, i)
    return None if best is None else best[1]
```

`None` திரும்பினால் எல்லையற்ற கணக்கு.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு சிக்கல்கள்

விகிதம் பூஜ்யம் வந்தால் அந்த நிரையை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. b = 0, நிரலின் எண் ப்ளஸ் என்றால் அந்த நிரை உடனடியாகத் தடுக்கிறது, அதுதான் பிவட் நிரை. z அப்படியே நிற்கும், அடிப்படை மாறி மட்டும் மாறும். இப்படிப்பட்ட கணக்குகளில் அரிதாக அட்டவணைகள் சுற்றிச் சுற்றி வரும். அப்போது பிளாண்ட் 1977-இல் தந்த விதியைப் பிடியுங்கள்: உள்ளே வரும் மாறியிலும், விகிதம் சமமாகும்போது வெளியேறும் மாறியிலும், குறைந்த வரிசை எண் உள்ளதையே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, புரோகிராம் எழுதியவர்களுக்கு வந்தது. நிரலின் எண்ணைச் சோதிக்காமல் `if r >= 0` என்று விகிதத்தைச் சோதித்திருந்தார்கள், புரோகிராம் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. b = 0, எண் −1 என்றால் கணினியில் `0.0 / -1` என்பது `-0.0`, அது `>= 0` சோதனையில் தேறிவிடும். அங்கே பிவட் செய்தால் b நிரல் மாறாது, ஆனால் வெளியேறிய மாறிக்கு z நிரையில் அதே மைனஸ் எண் ஒட்டிக்கொள்ளும், அதன் நிரலிலும் அதே −1 நிற்கும். அடுத்த சுற்றில் அது உள்ளே வரும், மற்றது வெளியே போகும், இப்படியே. சோதனையை `a > 0` என்று மாற்றினால் சரியாகிவிடும். தசம எண்களில் ஓட்டுகிறீர்கள் என்றால் `a > 1e-9` என்று வையுங்கள், பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சும் துளி எண்ணின் மேல் பிவட் விழாது.