நூறு வரன் பார்த்தும் ஒன்றும் பிடிக்கவில்லையா? வரன் தேடும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

வரன் பார்க்கும் செயலியில் பணம் கட்டியதும் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாள் பார்த்த நாலைந்து வரன்கள் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஒரு மாதம் போனால் "மூக்கு சரியில்லை", "ஊர் தூரம்", "இதைவிட நல்லதா வரும், பார்க்கலாம்" என்று தட்டிக்கழிப்பது பழகிவிடும். வரன்களின் தரம் திடீரென்று குறைந்துவிடவில்லை. பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது.

நெதர்லாந்தில் ப்ராங்க், டெனிசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். துணை தேடும் செயலியில் வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைக் காட்டினார்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படத்துக்கு வருவதற்குள், 'பிடித்திருக்கிறது' என்று சொல்லும் வாய்ப்பு சராசரியாக 27 சதவீதம் குறைந்துபோனது. அதனால் ஒரே ராத்திரியில் ஐம்பது வரனைத் தள்ளிக்கொண்டே போவதுதான் முதலில் விட வேண்டிய பழக்கம், ஏனென்றால் நாற்பதாவதாக வந்தவருக்கு முதலில் வந்தவருக்குக் கிடைத்த நியாயம் கிடைப்பதில்லை.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2010இல், பொருள் வாங்குவது போன்ற விஷயங்களில் நிறையத் தேர்வுகளைக் கொடுத்துப் பார்த்த 50 சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, நிறையத் தேர்வுகள் இருப்பதால் வரும் பாதிப்பு சராசரியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. சில இடத்தில் கெடுதல், சில இடத்தில் நல்லது. தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவில்லாமல் வருகிறவர்தான் கூட்டத்தைப் பார்த்துத் திணறுகிறார் என்று அதற்கு அப்புறம் வந்த அலசல் சொல்கிறது.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தன் பையனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். பையனுக்கு டீ ஃபேக்டரியில் வேலை, மலையை விட்டு இறங்கும் எண்ணமே இல்லை. ஆனால் செயலியில் அவர்கள் போட்ட வடிகட்டி வயது, உயரம், படிப்பு, ராசி அவ்வளவுதான். கோயம்புத்தூர், ஈரோடு, சென்னை என்று வரன் கொட்டியது. ஜாதகம் வாங்கி, பொருத்தம் பார்த்து, போன் பேசி, எல்லாம் முடிந்த பிறகு "பையன் கீழே வந்து செட்டில் ஆவாரா?" என்று பெண் வீட்டில் கேட்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். இப்படி நாலைந்து முறை நின்றால் எந்த வரனைப் பார்த்தாலும் சலிப்புத்தான் வரும். கடைசியில் பையனையே உட்கார வைத்து, எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று கேட்டார்கள். மலையில் வந்து இருக்கச் சம்மதம், பெண் வேலைக்குப் போனால் குன்னூர் ஊட்டி பக்கமே கிடைக்கிற வேலை, இரண்டே விஷயம். உயரமும் நிறமும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை! முதல் போனிலேயே அந்த இரண்டையும் கேட்டுவிட ஆரம்பித்தார்கள், பட்டியல் ஏழெட்டுப் பேராகச் சுருங்கியது. அந்த ஏழெட்டுப் பேரிடமும் நிதானமாகப் பேச நேரம் இருந்தது.

பொறியியல் கலந்தாய்வும் இப்படித்தான். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் நிரப்பலாம், அதில் தப்பில்லை. இடம் ஒதுக்குவது நீங்கள் போட்ட வரிசைப்படி என்பதால், விடுதியில் இருக்க முடியுமா, எந்தப் பாடம் வேண்டவே வேண்டாம் என்று முடிவு பண்ணாமல் வரிசை போடுவதுதான் தப்பு.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது என்பேன். ஒருவரைப் பிடித்துப் போய், வீட்டுக்கு வரச் சொல்லி நாள் குறித்த பிறகும் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பது. 2017இல் டி ஆஞ்சலோ, டோமா என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குத் துணை தேடும் தளத்தில் இருப்பதுபோல விவரங்களைக் கொடுத்தார்கள், சிலருக்கு 6 பேர், சிலருக்கு 24 பேர். அதிலும் சிலர் தேர்வை மாற்றிக்கொள்ளலாம், சிலர் முடியாது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, 24 பேரிலிருந்து எடுத்து, மாற்றவும் வழி இருந்தவர்களுக்குத்தான் திருப்தி ரொம்பக் குறைவு. கதவு மூடினால் மனசு கையில் இருப்பதன் நல்லதைத் தேட ஆரம்பிக்கும், திறந்தே கிடந்தால் விட்டுப்போனதன் நல்லதையே எண்ணிக்கொண்டிருக்கும்.

அதனால் பேச்சு உறுதியாகும் கட்டத்துக்கு வந்தால் உங்கள் வரன் விவரத்தை மறைத்து வையுங்கள், தினமும் வரும் அறிவிப்பை நிறுத்துங்கள், வீட்டில் மற்றவர்களின் போனிலும்தான். பெரியம்மாவின் போனில் வருகிற "புது வரன்" செய்திதான் பல வீட்டில் குழப்பத்தை மறுபடி கிளப்புகிறது. அதற்காக விசாரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். வேலை, கடன், குடிப்பழக்கம், முன்பு நடந்த திருமணம் இதிலெல்லாம் பொய் சொன்னது தெரிந்தால், நிச்சயம் முடிந்திருந்தாலும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.