"எங்கள் வளாகத்துக்கு நீங்கள் என்ன தருவீர்கள்?"

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப்பில் எழுதும், 650 வார்த்தை வரை போகும் பொதுக்கட்டுரை வேறு. இந்தக் கட்டுரையைக் கல்லூரி தனியாகக் கேட்கும், பெரும்பாலும் 250 வார்த்தைக்குள்.

பத்தமடையில் இருக்கும் என் அக்கா மகளின் முதல் வரைவில் மார்க், பேச்சுப்போட்டிக் கோப்பை, 'தலைமைப் பண்பு' எல்லாம் இருந்தது, அவளைத்தான் காணோம். மார்க் விண்ணப்பத்தில் வேறு இடத்தில் இருக்கிறதே!

"ஆச்சி பாய் நெய்யும்போது நீ என்ன செய்வே?"

"கணக்கு எழுதுவேன் மாமா."

தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து நெய்கிறார்கள். யாருக்கு எத்தனை பாய், யாருக்குக் கூலி பாக்கி என்பதெல்லாம் இவள் நோட்டில் இருக்கும். சச்சரவு வந்தால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவாளாம்.

அந்த நோட்டிலிருந்தே தொடங்கச் சொன்னேன். பாதிக் கட்டுரை அந்தக் காட்சி. மீதியில், அதே பழக்கம் அந்தக் கல்லூரியில் எங்கே பயன்படும் என்று எழுத வேண்டும். அவள் தேர்ந்த கல்லூரியில் மாணவர்களே சமைத்துச் செலவைப் பங்கிடும் கூட்டுறவு விடுதி உண்டு. அங்கே கணக்கு வேலையை ஏற்பேன் என்று எழுதினாள். இப்படி ஒன்றைக் குறிப்பிடுமுன், அது இப்போதும் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணையதளத்தில் செத்துப்போன மன்றங்களும் கிடக்கும்.

'பொங்கல் கொண்டாடித் தமிழ்ப் பண்பாட்டைப் பரப்புவேன்' என்பதை, இங்கே எதையும் முன்னின்று நடத்தியிராதவர்கள் எழுத வேண்டாம். முடித்ததும் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் இரண்டாம் பாதியைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.