பரிசுக் காரின் சாவியைக் கொடுக்கும் முன் கட்ட வேண்டிய வரி: அடிக்கடி நடக்கும் தவறுகள்

பண்டிகைக் குலுக்கலில் கார் பரிசு அறிவிக்கும் கடைகளும், போட்டி நடத்தும் சங்கங்களும், நிகழ்ச்சி தயாரிப்பாளர்களும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பணப் பரிசென்றால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும் என்று பலருக்கும் தெரியும். பரிசு பொருளாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். காரிலிருந்து 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே என்று அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வரித்துறை கேட்பது வென்றவரை மட்டுமல்ல, கொடுத்தவரையும்தான்.

முதலில், ஏன் ஒரே விகிதம்? சம்பளத்துக்கு வரி பிடிக்கும் நிறுவனத்துக்கு ஊழியரின் ஆண்டு வருமானம் தெரியும். படிப்படியாக ஏறும் விகிதத்தைக் கணக்கிட்டு மாதாமாதம் பிடிக்கலாம். குலுக்கலில் வென்றவர் மாணவரா, மருத்துவரா, வேறு வருமானம் உள்ளவரா என்பது பரிசு கொடுப்பவருக்குத் தெரியாது. அவரை மறுபடி சந்திக்கப் போவதுமில்லை. ஆளைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்து ஒரே விகிதத்தில் பிடித்தால்தான் கொடுக்கும் இடத்திலேயே வரியில் பெரும்பகுதி வந்து சேரும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 115BB பிரிவு இந்த 30 சதவீதத்தை விதிக்கிறது. 194B பிரிவு அதைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுப்பவர் மேல் வைக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. பழைய எண்களே பழகியவை என்பதால் இங்கே அவற்றையே சொல்கிறோம்.

"இது திறமைப் போட்டி, லாட்டரி இல்லையே" என்பது முதல் தவறு. மக்கள் போட்டியிட்டுப் பரிசு வெல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் வருமானத்தை வரையறுக்கும் 2(24) பிரிவின் விளக்கம் தெளிவாகவே உள்ளே கொண்டுவருகிறது. பதில் தெரிந்து வென்றாலும் சீட்டு விழுந்து வென்றாலும் அதே 30 சதவீதம்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மட்டும் தனிப் பிரிவு இருக்கிறது.

அடுத்தது 10,000 ரூபாய் வரம்பைத் தப்பாகப் படிப்பது. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனி. ஒரு பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டும். 15,000 ரூபாய்ப் பரிசுக்கு 4,500 ரூபாய் பிடிக்க வேண்டும். மிஞ்சிய 5,000க்கு மட்டும் 1,500 பிடிப்பது தவறு. 10,000க்குள் இருக்கும் பரிசுக்குப் பிடித்தம் கிடையாதே தவிர வரி உண்டு. அதை வென்றவரே தன் கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம். ஒரு கடை, முதல் பரிசாக 8 லட்சம் ரூபாய் மதிப்புள்ள காரும் 1 லட்சம் ரொக்கமும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்காளர் ரொக்கத்துக்கு மட்டும் 30,000 பிடித்து, 70,000க்குக் காசோலை எழுதி, காரையும் ஒப்படைக்கிறார். பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் பரிசின் மதிப்பு 9 லட்சம், அதற்கு வரி 2,70,000. 194B பிரிவின் வரம்புரை சொல்வது இதுதான்: பரிசு முழுவதும் பொருளாக இருந்தாலோ, கூடவே வரும் ரொக்கம் மொத்த வரிக்குப் போதாமல் இருந்தாலோ, வரி கட்டப்பட்டுவிட்டது என்று உறுதி செய்த பிறகே பரிசைக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த 1 லட்சம் ரொக்கம் வென்றவர் கைக்கே போகக் கூடாது. முழுவதும் வரிக்கே சரி. மீதி 1,70,000 ரூபாயை வென்றவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடை மொத்தம் 2,70,000 ரூபாயைச் சலானில் கட்டிவிட்டு, அதன் பிறகு சாவியைக் கொடுக்கலாம்.

இந்த விவரம் குலுக்கல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். "பரிசுக்கான வரியை வென்றவரே செலுத்த வேண்டும், செலுத்திய பிறகே பரிசு வழங்கப்படும்" என்ற ஒரு வரி போதும். அது இல்லாததால்தான் மேடையில் மாலை போட்ட பிறகு 1,70,000 ரூபாய் கேட்க முடியாமல் கடைக்காரர் தவிக்கிறார், திடீரென்று அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று வென்றவரும் திகைக்கிறார். இது இரண்டு பக்கத்துக்கும் தேவையில்லாத மனவருத்தம்.

"வரியை நாங்களே கட்டிவிடுகிறோம்" என்று முன்வருபவர்களும் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் கணக்கு மாறிவிடும். வென்றவருக்காகக் கட்டும் வரியும் அவருக்குக் கிடைத்த பலன் என்பதால் அதையும் பரிசோடு சேர்த்துக் கணக்கிடுவதே பாதுகாப்பான வழி. 9 லட்சத்தை 0.70ஆல் வகுத்தால் 12,85,714. அதில் 30 சதவீதம் 3,85,714. கடை ஒதுக்க வேண்டியது இந்தத் தொகையை. 2,70,000 போதும் என்று திட்டமிட்டவருக்கு 1,15,714 ரூபாய் துண்டு விழும்.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் பிடித்ததற்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. காலாண்டு 26Q அறிக்கையில், பொருள் பரிசுக்கு முன்கூட்டி வரி கட்டப்பட்டதைக் காட்ட 194B-P என்று தனிக் குறியீடு இருக்கிறது. வென்றவரின் பான் எண்ணைத் தவறாகப் பதிந்தால் வரி அரசுக்குப் போய்விடும், வரவு மட்டும் அவர் கணக்கில் ஏறாது. வரி பிடித்ததற்குச் சான்றான படிவம் 16A கையில் வந்ததும், வென்றவர் தன் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26AS அறிக்கையைத் திறந்து, அதே தொகை அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வரியே பிடிக்காமல் விட்டால் மாதத்துக்கு 1 சதவீதம், பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவீதம் வட்டி. அதற்கு மேல், பிடிக்காத வரி அளவுக்கே அபராதமும் வரலாம்.

வென்றவர் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, 30 சதவீதம் பிடித்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பது. இந்தியாவில் வசிப்பவரிடம் 30 சதவீதம் மட்டும்தான் பிடிப்பார்கள். அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் தனியாக உண்டு. நம் உதாரணத்தில் 2,70,000க்கு 10,800 ரூபாய். அதை அவரே கட்ட வேண்டும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் வரியும் சேரும்.

வேறு வருமானமே இல்லாத குடும்பத் தலைவிக்குப் பரிசு விழுந்தால், விலக்கு வரம்புக்குள்தானே வருகிறது, திரும்பக் கேட்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த வருமானத்துக்கு அந்த அடிப்படை விலக்கு கிடையாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லாமல் ஆக்கும் தள்ளுபடியும் இந்த 30 சதவீத வரியைக் குறைக்காது. 15G, 15H படிவங்களைக் கொடுத்துப் பிடித்தத்தைத் தடுக்கவும் வழியில்லை. சீட்டு வாங்கிய செலவையோ, விழாத சீட்டுகளின் நஷ்டத்தையோ, 80C முதலீட்டையோ இதில் கழிக்க முடியாது.

கணக்குத் தாக்கல் செய்யும்போது, சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ITR-1 இதற்குச் செல்லாது. தொழில் வருமானம் இல்லாதவர் ITR-2 எடுத்து, பிற வருமானங்களுக்கான Schedule OS பகுதியில் பிடித்தத்துக்கு முந்தைய முழு 9 லட்சத்தையும் காட்ட வேண்டும். கைக்குப் பணமாக எதுவும் வரவில்லையே என்று காரின் மதிப்பை விட்டுவிட்டால், 26AS-இல் இருக்கும் 9 லட்சத்தோடு பொருந்தாமல் நோட்டீஸ் வரும்.