டர்பன் தூதரக எண்ணிலிருந்தே அழைப்பு வந்தாலும் நம்பாதீர்கள்

இந்தியாவிலிருந்து வந்து டர்பனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. போன் அடிக்கும், திரையில் 031 என்று தொடங்கும் இந்தியத் தூதரகத்தின் எண்ணே தெரியும், எடுத்தால் உங்கள் பெயர் சொல்லி, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது, இப்போதே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம், லைனைத் துண்டிக்காதீர்கள் என்பார்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும், அதனால் அது எதற்கும் ஆதாரமில்லை.

இன்னொன்று, இங்கே விசா, நாடு கடத்தல் எல்லாம் தென்னாப்பிரிக்க உள்துறை அமைச்சகத்தின் வேலை. இந்தியத் தூதரகம் உங்களை இங்கிருந்து அனுப்பவே முடியாது, மிரட்டலே அங்கே உடைந்துவிடுகிறது!

சந்தேகம் இருந்தால் வைத்துவிட்டு, தூதரக இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே அழுத்திக் கூப்பிடுங்கள். போலியாகக் காட்டப்பட்டது அதே எண்ணாக இருந்தாலும், நீங்கள் அழைக்கும்போது உண்மையான அலுவலகத்துக்குத்தான் போகும். மிரட்டிய மோசடிக்காரர்கள் சொல்லும் வேறு எண்ணுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். கார்டு விவரமோ ஓடிபியோ ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? அப்போ முதல் அழைப்பு வங்கிக்கு, கார்டை முடக்கச் சொல்லுங்கள், தூதரகம் அப்புறம்.